ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டியவை

குயிக் செட்டிங்ஸ் பலகையை மாற்றியமைக்கிறேன் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் புதுப் பட்டன்களைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நான் முதலில் எடுப்பேன். யாருடைய போன் என் கையில் வந்தாலும் சரி, மேலிருந்து இழுத்தவுடன் தெரிகிற அந்த முதல் வரிசையில் என்னென்ன இருக்கின்றன, அதில் அவர் தொடவே தொடாதது எது என்றுதான் பார்க்கிறேன். ஏனென்றால் அந்த முதல் வரிசைதான் இடம். மீதி எல்லாம் இன்னொரு இழுப்புக்கோ, பக்கவாட்டில் ஒரு தள்ளலுக்கோ அப்பால் இருக்கிறது.

பிக்ஸல் போன்ற போன்களில் ஆண்ட்ராய்டு 12-இல் வந்த அமைப்பைப் பாருங்கள். ஒரு முறை இழுத்தால் நான்கு டைல்கள். இன்னொரு முறை இழுத்தால் எட்டு. அதற்கு மேல் உள்ளவை அடுத்த பக்கத்தில். நான்காவது இடத்தில் இருக்கும் டைலுக்கு ஒரு இழுப்பு, ஒரு தொடல். ஒன்பதாவது இடத்தில் இருப்பதற்கு இரண்டு இழுப்பு, ஒரு தள்ளல், ஒரு தொடல். ஒரு கையில் பையும் இன்னொரு கையில் போனுமாக நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு விரல்களைச் சேர்த்து இழுத்தால் முழுப் பலகையும் நேரடியாகத் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் ஒரு இழுப்பு மிச்சம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும்.

இந்தப் பலகை ஆண்ட்ராய்டில் 4.2 பதிப்போடு, 2012-இல் வந்தது. அதில் உள்ளவற்றை நாமே இடம் மாற்றவும், மற்ற செயலிகள் தங்கள் டைலை அதில் வைக்கவும் வழி பொதுவாகக் கிடைத்தது 2016-இல், ஆண்ட்ராய்டு 7-இல். அதற்குப் பிறகு எத்தனையோ முறை தோற்றம் மாறிவிட்டது. பிக்ஸல்களில் 2025-இல் டைல்களைச் சின்னதாகவும் பெரிதாகவும் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. சின்னதாக்கினால் முதல் பார்வையிலேயே கூடுதலாகச் சில டைல்கள் அடங்கும். ஆனாலும் பலருடைய போனில் கடையிலிருந்து வந்தபோது இருந்த வரிசைதான் இன்னும் இருக்கிறது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு போனை எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுடையது. சாம்சங் போன், ஒன் யூஐ 7. கடைக்கு வேண்டியது என்ன என்பது தெளிவாக இருந்ததால் பேசுவதற்கும் அது நல்ல உதாரணம்.

ஒன் யூஐ 7 வந்தபோது ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை ஒன்றாக இருந்த நோட்டிஃபிகேஷன் பகுதியும் குயிக் செட்டிங்ஸ் பலகையும் இரண்டாகப் பிரிந்துவிட்டன. திரையின் மேல் வலது ஓரத்திலிருந்து இழுத்தால் பட்டன்கள் மட்டும். இடது பக்கத்திலிருந்தோ நடுவிலிருந்தோ இழுத்தால் நோட்டிஃபிகேஷன்கள் மட்டும். சித்தப்பா இடது கையில் போனைப் பிடித்து இடது கட்டைவிரலால் இயக்குகிறவர். வலது ஓரம் அவருக்கு எட்டாத ஊர்.

"தம்பி, டார்ச் பட்டனையே காணோம்டா, அப்டேட் ஆனதுல போயிடுச்சு"ன்னார்.

போகவில்லை. அவருடைய விரல் எப்போதும் நோட்டிஃபிகேஷன் பக்கத்தையே திறந்துகொண்டிருந்தது.

"இங்க இருக்கு பாருங்க சித்தப்பா, பழைய மாதிரியே வச்சிடலாம்"னு சொல்லி மாற்றிக் கொடுத்தேன். வலது ஓரத்திலிருந்து பலகையை இறக்கி, மேலே இருக்கும் பென்சில் அடையாளத்தைத் தொட்டு, Panel settings-க்குள் போனால் Separate, Together என்று இரண்டு தெரிவுகள். Together வைத்தால் ஒரே இழுப்பில் ஒரு வரிசைப் பட்டன்களும் அதன் கீழே நோட்டிஃபிகேஷன்களும் சேர்ந்து வரும். இன்னொரு இழுப்பில் முழுப் பலகை. எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் ஒன்றுதான்.

பிரிந்த அமைப்பு மோசம் என்று சொல்லமாட்டேன். போனை வலது கையில் பிடிப்பவருக்கு, அதிலும் பட்டன்களை நிறையப் பயன்படுத்துகிறவருக்கு, அது உண்மையிலேயே வேகமானது. முழுப் பலகையும் முதல் இழுப்பிலேயே வந்துவிடுகிறது. இடது கைக்காரருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவருக்கும் சேர்ந்த அமைப்புதான் சரி. எந்தக் கை என்பதை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு அமைப்பில் கைவைக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. பென்சிலைத் தொட்டதும் பலகையின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் துண்டாகத் தெரியும். பட்டன்கள் இருக்கும் துண்டுக்குள் போய் வேண்டாததை நீக்கலாம், வேண்டியதைச் சேர்க்கலாம், விரலை அழுத்திப் பிடித்து இழுத்து இடம் மாற்றலாம்.

சித்தப்பாவின் முதல் வரிசையில் வைஃபை, சவுண்ட், புளூடூத், ஆட்டோ ரொட்டேட், ஏரோபிளேன் மோட் என்று இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். வைஃபை கடையிலும் வீட்டிலும் தானாகவே சேர்ந்துகொள்கிறது, அதை அணைப்பதே இல்லை. புளூடூத் எப்போதும் போட்டபடியே கிடக்கிறது. ஏரோபிளேன் மோட் என்றால் என்னவென்றே அவருக்கு அக்கறை இல்லை. ரொட்டேட், யாராவது அனுப்பும் ஆவணத்தைப் படுக்கவைத்துப் பார்க்க எப்போதாவது.

இங்கேதான் நான் ஒரு கொள்கையை வைத்திருக்கிறேன். அடிக்கடி பயன்படுத்துவதை முன்னால் வை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தானாகவே தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஒன்றுக்கு, அது எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், முதல் வரிசையில் இடம் வேண்டாம். நாளுக்கு ஒரு முறைதான் தேவை, ஆனால் தேவைப்படும்போது கண் தெரியாது, கை வேலையாக இருக்கிறது, எதிரே ஆள் காத்திருக்கிறார் என்றால், அதற்குத்தான் முதல் இடம்.

கடையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள் அறையில் இருட்டு. ரவுட்டர் அணைந்துவிடும். லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடும். வாடிக்கையாளர் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பை இறக்க நெட் வேண்டும். ஆக, டார்ச் முதல் இடம். ஹாட்ஸ்பாட் இரண்டாவது இடம். மூன்றாவதாக மொபைல் டேட்டா, ஏனென்றால் அவர் டேட்டாவை அணைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர், அது அணைந்திருந்தால் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாலும் லேப்டாப்புக்கு நெட் போகாது. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது காரணத்தோடுதான். நான்காவது சவுண்ட், வாசலில் கோயில் ஊர்வலம் போகும்போதும் மதியம் தூங்கும்போதும் அவர் மாற்றுகிறார். வைஃபையும் புளூடூத்தும் முழுப் பலகைக்குப் போயின.

டைலை ஒரு முறை தொட்டால் போடும் அல்லது அணைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அழுத்திப் பிடித்தால் அதற்கான செட்டிங்ஸ் பக்கமே திறக்கும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஹாட்ஸ்பாட் டைலை அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டும் க்யூஆர் கோடும் இருக்கும் பக்கம். புளூடூத் டைலை அழுத்திப் பிடித்தால் புது ஸ்பீக்கரைச் சேர்க்கும் பக்கம். இதைப் பழகிக்கொண்டால் செட்டிங்ஸ் செயலிக்குள் போய் தேடும் வேலையில் பெரும்பகுதி போய்விடும். ஒரு டைல் பட்டனாக வேண்டாம் என்றாலும் இந்தக் கதவுக்காக மட்டும் அதை இரண்டாவது பக்கத்தில் வைத்திருக்கலாம்.

இன்னொரு விஷயத்தை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். லாக் ஸ்கிரீனிலிருந்தும் இந்தப் பலகையை இழுக்க முடியும். டார்ச்சுக்கு அது வரம். ஆனால் போனைத் திருடுகிறவனும் அதையேதான் செய்வான். பூட்டைத் திறக்காமலே மேலிருந்து இழுத்து மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால், தொலைந்த போன் எங்கே இருக்கிறது என்று தேடுவது கடினமாகிவிடும். சாம்சங்கில் இதற்கு Settings-இல் லாக் ஸ்கிரீன் பகுதிக்குள், Secure lock settings என்பதில், Lock network and security என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் பூட்டிய நிலையில் நெட்வொர்க்கைத் தொட முடியாது. வேகம் கொஞ்சம் குறையும், கைரேகை வைக்க வேண்டும். அந்தக் குறைவை நான் மனதார ஏற்றுக்கொள்வேன். டார்ச் பூட்டிய நிலையிலும் எரியும்.

பட்டன்கள் முடிந்தன. உண்மையான வேலை கீழே இருந்தது. சித்தப்பா அந்தப் பலகையை இழுப்பதில் பாதிக்கு மேல் பட்டனுக்காக இல்லை, "பணம் வந்துச்சா?" என்று பார்ப்பதற்காக. கடையில் பேமெண்ட் ஒலிக்கும் ஸ்பீக்கர் பெட்டி இல்லை. வாடிக்கையாளர் இருபது ரூபாய் அனுப்பிவிட்டு நிற்பார். சித்தப்பா இழுப்பார். வங்கி லோன் தருகிறோம் என்று ஒன்று, கேஷ்பேக் என்று ஒன்று, ரீசார்ஜ் தள்ளுபடி என்று ஒன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்கள், இவற்றுக்கு நடுவில் எங்கேயோ அந்த இருபது ரூபாய். விளம்பரத்தில் பாதியை அனுப்பியதும் அதே பேமெண்ட் செயலிதான். எரிச்சலில் செயலியின் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்தால் பணம் வந்ததும் தெரியாது.

இதற்கான தீர்வு 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு செயலியும் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்து அனுப்ப வேண்டும், எந்த வகை எப்படி வர வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். பணப் பரிமாற்றம் ஒரு வகை, சலுகைகள் ஒரு வகை. முக்கியமானது என்னவென்றால், ஒரு வகையை நாம் அமைதியாக்கிவிட்டால் அந்தச் செயலியால் அதைத் திரும்ப உயர்த்த முடியாது. ஆண்ட்ராய்டே அதை அனுமதிக்காது.

ஆனால் சாம்சங்கில் போய்த் தேடினால் இந்த வகைகளே கண்ணில் படாமல் இருக்கலாம். ஒன் யூஐ 6.1-லிருந்து அது முன்னிருப்பாக மறைந்து இருக்கிறது. Settings, Notifications, Advanced settings என்று போய் Manage notification categories for each app என்பதைப் போட வேண்டும். இந்த ஒன்றைப் போடாமல் எத்தனையோ பேர் "என் போனில் அந்த வசதி இல்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். போட்ட பிறகு அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் Notification categories என்று ஒரு வரி வரும்.

அதைத் திறந்து ஒவ்வொரு வகையாகப் பார்த்தோம். சலுகை, பரிசு போன்றவற்றை அணைத்தோம். பில் நினைவூட்டலை Silent வைத்தோம். அப்படி வைத்தால் அது சத்தமில்லாமல் பலகையின் அடியில் தனித் தலைப்பின் கீழ் போய் உட்காரும், வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். பணம் பெற்றது என்ற வகையை மட்டும் Alert வைத்து, அதற்குள்ளேயே Sound என்பதில் வேறு எதற்கும் இல்லாத ஒரு சத்தத்தைக் கொடுத்தோம். என் பார்வையில் இந்த முழு வேலையிலும் மிகப் பலன் தந்தது இதுதான். அந்த ஒலி கேட்டால் ஏதோ பணம் வந்திருக்கிறது. அவர் பேப்பர் அடுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் தெரிந்துகொள்கிறார். எவ்வளவு என்பதைப் பார்க்க மட்டும் ஒரு இழுப்பு, அதுவும் இப்போது மேலேயே நிற்கிறது. குடும்பக் குழுவுக்கும் இதே வழி: அந்த நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்து Silent.

எல்லாச் செயலியிலும் இது இவ்வளவு சுத்தமாக நடக்காது. வகைகளைத் திறந்தால் Miscellaneous என்று ஒன்றே ஒன்று இருக்கும் செயலிகள் உண்டு. அந்தப் பெயரைப் பார்த்தால் செய்தவர்கள் வகை பிரிக்கவே இல்லை, எல்லாம் ஒரே குழாயில் வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். அப்போது போன் செட்டிங்ஸில் செய்ய ஒன்றுமில்லை. செயலிக்குள்ளேயே சலுகைச் செய்திகளை நிறுத்தும் இடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சில செயலிகள் அப்டேட்டில் பழைய வகையை அழித்துவிட்டுப் புதுப் பெயரில் இன்னொன்றை உருவாக்கும். நாம் அணைத்தது பழையதைத்தான், புதியது சத்தத்தோடு வரும். திடீரென்று விளம்பரம் திரும்பி வந்தால் அந்த வகைப் பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து வைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தும் சித்தப்பாவுக்கு நோட்டிஃபிகேஷன் சில நேரம் தாமதமாக வந்தது. அறிகுறி தெளிவாக இருந்தது: செயலியைத் திறந்த அடுத்த நொடி இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் கொட்டும். அப்படியானால் கோளாறு நெட்டில் இல்லை, பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்தச் செயலியைத் தூங்கவைத்திருக்கிறது. Settings, Battery, Background usage limits என்று போனால் தூங்கும் செயலிகள், ஆழ்ந்து தூங்கும் செயலிகள் என்று பட்டியல்கள் இருக்கும். பேமெண்ட் செயலியை அங்கிருந்து எடுத்து Never auto sleeping apps என்பதில் சேர்த்தோம். எல்லாச் செயலியையும் அதில் போட்டுவிடாதீர்கள். பேட்டரி இறங்கும், அப்புறம் எதுவும் வராது. உடனே தெரிய வேண்டிய ஒன்றிரண்டு போதும்.

பிக்ஸல் வைத்திருப்பவர்களுக்கும், கணினியோடு போனை இணைத்து வேலை செய்யத் தயங்காதவர்களுக்கும் ஒன்று. டைல்களின் வரிசை போனுக்குள் ஒரே வரியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, கணினியில் ஏடிபி நிறுவியிருந்தால் அதைப் படிக்கவும் எழுதவும் முடியும்.

```
adb shell settings get secure sysui_qs_tiles
adb shell "settings put secure sysui_qs_tiles 'flashlight,hotspot,internet,dnd,bt,rotation'"
```

முதல் வரி இப்போதைய வரிசையைக் காட்டும். அதை ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை தவறி வரிசை குலைந்தாலோ, புதுப் போன் வாங்கினாலோ, இரண்டாவது வரியில் அதைக் கொடுத்தால் அப்படியே வந்துவிடும். மற்ற செயலிகளின் டைல்கள் அதில் `custom(` என்று தொடங்கி அடைப்புக்குறியோடு இருக்கும். ஒற்றை மேற்கோள் குறியை விட்டுவிட்டால் அந்த அடைப்புக்குறியில் தடுக்கி `syntax error` என்று நின்றுவிடும். நான் வெளியூர் போகும்போது ஒரு வரிசை, வீட்டில் இருக்கும்போது ஒரு வரிசை என்று இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன். வெளியூர் வரிசையில் ஏரோபிளேன் மோடும் பேட்டரி சேவரும் முன்னால் வரும்.

சாம்சங்குக்கே திரும்பினால், இன்னும் ஒன்று பாக்கி. வேகமாக இழுத்துப் பார்க்கிறவர்கள் வேகமாகத் தள்ளியும் விடுவார்கள். "எல்லாவற்றையும் அழி" என்ற பட்டனைத் தொட்டதும் அந்த இருபது ரூபாய்ச் செய்தியும் போய்விடும். அதே Advanced settings பக்கத்தில் Notification history என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் கடைசி 24 மணி நேரத்தில் வந்து, தள்ளிவிடப்பட்டவை எல்லாம் செயலி வாரியாக அங்கே இருக்கும். முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். போடுவதற்கு முன்னால் அழித்தவற்றை அது காட்டாது.